அந்த வாக்கியத்தின் இரண்டாம் பாதி

"குடிப்பழக்கம் உண்டா?" என்று கேட்டேன். "இருந்தது டாக்டர். விட்டு நாலு மாதமாகிறது" என்றார். நான் எழுதிக்கொண்டது முதல் பாதியை மட்டும். இரண்டாம் பாதியை எல்லோரும்தான் சொல்கிறார்கள்.

மேல்வயிற்று வலி முதுகுக்குப் பாய்ந்திருந்தது. முன்னால் குனிந்து உட்கார்ந்தால்தான் மூச்சுவிட முடிந்தது. ரத்தத்தில் கணைய நொதியான லைபேஸ் இயல்பு வரம்பைப் போல ஒன்பது மடங்கு. மூன்று மடங்கைத் தாண்டினாலே போதும். திடீர்க் கணைய அழற்சி என்பதில் நான் தவறவில்லை. காரணம் என்ற இடத்தில் 'மது' என்று எழுதினேன், அவ்வளவுதான்.

"குடிக்காமலே எப்படி வரும்?" என்று அவர் மனைவி கேட்டபோது பொறுமையாகவே விளக்கினேன். புரதத்தைச் செரிக்கும் நொதியைக் கணையம் ட்ரிப்சினோஜென் என்ற உறங்கும் வடிவில்தான் செய்கிறது. அது சிறுகுடலுக்குப் போன பிறகுதான் ட்ரிப்சினாக விழிக்க வேண்டும். இந்த நோயில் கணைய செல்லுக்குள்ளேயே விழித்துக்கொள்கிறது; விழித்ததும் மற்ற நொதிகளையும் எழுப்பிவிடுகிறது. சோற்றுக்கும் சதைக்கும் அவற்றுக்கு வித்தியாசம் தெரியாது. பல ஆண்டுக் குடி அந்த செல்களை எளிதில் தடுமாறுபவையாக ஆக்கிவிடும் என்றேன். மற்றொரு வழியைச் சொல்லவில்லை.

பித்தநாளமும் கணைய நாளமும் பெரும்பாலும் ஒரே வாயில்தான் குடலுக்குள் திறக்கின்றன. அந்த வாயில் ஒரு சிறு கல் அடைத்தாலே கணைய நீர் தேங்கிவிடும். பெரிய கல் பித்தப்பையிலேயே கிடக்கும். இறங்கி வருவது மிளகளவுக் கல். பலமுறை அது தானாகவே குடலுக்குள் விழுந்து, தடயமில்லாமல் போய்விடுகிறது.

தடயமே இல்லை என்று சொல்ல முடியாது. முதல் நாள் கல்லீரல் நொதியான ஏஎல்டி 212 இருந்தது. மூன்றாம் நாள் பாதிக்கும் கீழே. 150ஐத் தாண்டினாலே கல்லைத் தேட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். குடித்த கல்லீரல்தானே என்று நினைத்தேன். குடியில் வழக்கமாக ஏஎஸ்டி என்ற மற்றொரு நொதிதான் ஏஎல்டியைவிட உயரும், அதுவும் தெரியும். குடல் வாயு மறைத்ததால் பித்தப்பை தெளிவில்லை, மீண்டும் பார்க்கவும் என்று ஸ்கேன் அறிக்கை சொன்னது. வலி தணிந்திருந்தது. அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் வாரம் அதே வலியோடு வந்தார். இம்முறை ஸ்கேனில், பித்தப்பைக்குள் மூன்று நான்கு மில்லிமீட்டர் அளவில் கற்கள். நோய் லேசாக இருந்தால், வீட்டுக்கு அனுப்பும் முன்பே பித்தப்பையை எடுத்துவிடுவதுதான் முறை. முதல் முறையே எடுத்திருக்கலாம். ஆனால் அவர் குடித்தவரும்தானே; இரண்டும் சேர்ந்திருக்காது என்று யார் சொல்வது? இப்படி எனக்கு நானே வாதாடிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது.

அறுவை முடிந்த மறுநாள் மனைவி பழைய டிஸ்சார்ஜ் தாளை நீட்டினார். "இதில் குடி என்று எழுதியிருக்கிறதே, மாற்ற முடியுமா? மூன்று வாரமாக இவரைத் திட்டிக்கொண்டே இருந்துவிட்டேன்." பதிவை அடிக்க முடியாது. தேதி போட்டு, கீழே ஒரு வரி சேர்த்தேன். அவர் 'மது' என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.