பஸ் லேட் என்று எல்லோரும் சொன்னார்கள், அதற்கு மேல் என்ன?

என் ஆய்வேட்டில், நேர்காணலை விடவும், அந்தப் பேச்சுகளின் வரிகளுக்குக் கோடு என்னும் குறிப்பெயர் போட்டுப் பிரிக்கும் கோடிங்கை விடவும் என்னை அதிகம் அலைக்கழித்தது முடிவுகள் அத்தியாயம்தான். அதில் ஒரே ஒரு பகுதி எப்படி உருவானது என்பதை மட்டும் எழுதுகிறேன். மற்ற பகுதிகளும் ஏறக்குறைய அதே வழியில்தான் வந்தன.

என் ஆய்வு சென்னைக்குத் தெற்கே உள்ள பெரும்பாக்கத்தில் நடந்தது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றின் கரையிலிருந்து அங்கே குடியமர்த்தப்பட்ட குடும்பங்களில், வீட்டு வேலைக்குப் போகும் 22 பெண்களிடம் பேசினேன். இடம் மாறியபின் அவர்களுடைய வேலை என்ன ஆனது என்பதுதான் கேள்வி. பேச்சுகளில் திரும்பத் திரும்ப வரும் விஷயங்களைத் தீம்களாகத் தொகுக்கிற, பிரவுன், கிளார்க் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2006-இல் எழுதி வைத்த கருப்பொருள் பகுப்பாய்வு முறையைப் பின்பற்றினேன். இந்தத் துறையில் பாதிப்பேர் அதைத்தான் பின்பற்றுகிறார்கள்.

கோடிங் முடிந்ததும் கையில் இருப்பது ஒரு பெரிய அட்டவணை. ஒவ்வொரு கோடுக்கும் கீழே யார் யார் என்ன சொன்னார்கள் என்று வரிசையாக இருக்கும். எழுத உட்கார்ந்தால் அத்தியாயமும் அந்த அட்டவணையின் உருவத்தையே எடுத்துக்கொள்கிறது. "போக்குவரத்துச் சிரமங்கள்" என்று ஒரு தலைப்பு. "பங்கேற்பாளர்கள் பலர் பேருந்து தாமதத்தைக் குறிப்பிட்டனர்" என்று ஒரு வரி, கீழே மூன்று மேற்கோள். "கூட்ட நெரிசலும் ஒரு பிரச்சினை" என்று இன்னொரு வரி, கீழே இரண்டு மேற்கோள். என் நெறியாளர் மேடம் அதைப் படித்துவிட்டு, "இதெல்லாம் டிரான்ஸ்கிரிப்ட்லயே இருக்கேம்மா, நடுவுல நீ எங்க இருக்க?" என்று கேட்டார்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? மேற்கோள்களைக் குறைப்பதிலிருந்து அல்ல, தலைப்பிலிருந்து. "போக்குவரத்துச் சிரமங்கள்" என்பது ஒரு பொருளின் பெயர். அதற்குக் கீழே எதை வேண்டுமானாலும் போட்டுக்கொண்டே போகலாம், எங்கே நிறுத்துவது என்று அந்தத் தலைப்பு சொல்லாது. தலைப்பை வினைச்சொல்லோடு ஒரு முழு வாக்கியமாக எழுதிப் பார்த்தேன். "பேருந்து தாமதம் பெண்களைச் சிரமப்படுத்துகிறது" என்று வந்தது. இதைச் சொல்ல ஆய்வே தேவையில்லை, பஸ் ஸ்டாப்பில் நின்றாலே தெரிந்துவிடும். அப்படியானால் விஷயம் வேறெங்கோ இருக்கிறது.

மறுபடி டிரான்ஸ்கிரிப்டுக்குப் போனேன். கோடு போட்ட வரிகளை மட்டும் பார்க்காமல், அவற்றுக்கு முன்னும் பின்னும் என்ன பேசினார்கள் என்று படித்தேன். பஸ்ஸைப் பற்றிப் பேசிய இடத்திலெல்லாம் ஒரு கடிகார நேரம் வந்தது. ஆறரைக்குப் பாத்திரம் தேய்க்கிற வீடு, ஒன்பதுக்குத் துணி துவைக்கிற வீடு, மறுபடி சாயங்காலம் நாலு மணிக்கு முதல் வீடு. ஆற்றங்கரையில் இருந்தபோது நடந்தே போய் வந்தார்கள், நடுவில் வீட்டுக்கு வந்து சமைத்தார்கள். பெரும்பாக்கத்திலிருந்து அப்படி இரண்டு முறை போய்வர முடியாது. ஆகவே போனது சாயங்கால வேலை, பல பேருக்கு அதிகாலை வேலையும். தலைப்பு இப்படி மாறியது: "இரண்டு வேளை வேலை ஒரு வேளையாகச் சுருங்கியது." இந்தத் தலைப்புக்கு எது உள்ளே, எது வெளியே என்று தெரியும். கூட்ட நெரிசல் பற்றிய மேற்கோள்கள் அத்தனையும் வெளியே போயின.

அடுத்தது, மேற்கோளுக்குப் பிறகு என்ன எழுதுவது. நாற்பதுகளில் இருக்கும் ஒரு அக்கா சொன்னது இது:

"டிக்கெட்டு ஃப்ரீதான். ஆனா ஆறரைக்குப் போய் நிக்கணும் அந்த வீட்டுல. இங்கேருந்து கெளம்பினா எட்டாவுது. அவங்க வேற ஆள வச்சுட்டாங்க."

இதற்குக் கீழே "பேருந்துப் பயணம் நீண்டதால் இவர் வேலையை இழந்தார்" என்று எழுதினால் அவர் சொன்னதையே நான் மோசமான தமிழில் திருப்பிச் சொல்கிறேன். மேற்கோள் தானாகச் சொல்லாத ஒன்றைத்தான் அந்த இடத்தில் எழுத வேண்டும். அவர் "ஃப்ரீதான்" என்று ஏன் ஆரம்பித்தார்? சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணம் இல்லை. நான் கட்டணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. யாரோ ஏற்கெனவே எழுப்பிய வாதத்துக்கு அவர் பதில் சொல்வது போல இருந்தது.

இங்கேதான் கவனம் வேண்டும். ஒரு மேற்கோளை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய பொருள் சொல்வது ஆபத்து. மற்ற பேச்சுகளிலும் இந்த "ஃப்ரீதான், ஆனா" வருகிறதா என்று தேடினேன். இன்னும் ஐந்து பேரிடம் இருந்தது. அதில் இரண்டு பேரிடம் இலவசப் பயணத்தைப் பற்றி நானே கேட்டிருந்தேன், ஆகவே அந்த இரண்டையும் சான்றாக எடுத்துக்கொள்ளவில்லை. மீதி மூன்றும் முதல் அக்காவும் சேர்ந்து நான்கு பேர். பத்தி கடைசியில் இப்படி நின்றது: பயணத்தின் செலவு பணத்திலிருந்து நேரத்துக்கு மாறியிருக்கிறது, கேட்கப்படாமலே நால்வர் இந்த இரண்டையும் பிரித்துப் பேசுகிறார்கள். பக்கத்தில் அந்த ஒரு மேற்கோள் மட்டும் முழுதாக. மற்ற மூவரின் பேச்சிலிருந்து சில சொற்களை மட்டும் என் வாக்கியத்துக்குள்ளேயே கோத்துவிட்டேன். ஒரே விஷயத்தைச் சொல்லும் நான்கு நீண்ட மேற்கோளை அடுக்கினால், படிப்பவர் இரண்டாவதிலிருந்தே தாண்டிப் போய்விடுவார்.

இதெல்லாம் விளக்கம்தானே, விவாத அத்தியாயத்தில் அல்லவா வரவேண்டும் என்று துறையில் ஒருவர் கேட்டார். மேடம் வைத்திருக்கும் எல்லைக்கோடு எனக்குப் பிடித்தது. என் 22 பேச்சுகளைக் கொண்டே ஒருவர் சரிபார்க்க முடிகிற விளக்கம் முடிவுகளில் இருக்கலாம். வேறு ஆய்வையோ கோட்பாட்டையோ துணைக்குக் கூப்பிட்ட உடனே அது விவாதத்துக்குப் போய்விட வேண்டும். எல்லாத் துறையிலும் இதை ஏற்பார்கள் என்று சொல்ல மாட்டேன், முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

அப்புறம் ஒத்துவராத ஆள். ஒரு பெண் இடம் மாறியபின் தன் வேலை மேலானது என்றார். பழைய நான்கு வீட்டையும் விட்டுவிட்டு, ஒரே வீட்டில் காலை ஒன்பதிலிருந்து மாலை வரை மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்திருந்தார். "நாலு வீட்டுக்கு ஓடுறது மிச்சம்" என்றார். இவரைப் பகுதியின் கடைசியில் "இருப்பினும் ஒருவர் மாறுபட்டார்" என்று ஒட்டவைப்பது சுலபம். ஆனால் அவர் என் வாதத்தையே திருத்துகிறார். இழப்பு தூரத்தால் மட்டும் வரவில்லை. துண்டு துண்டாகப் பல வீட்டில் செய்யும் வேலையும் தூரமும் சேர்ந்தபோதுதான் வந்தது. அவரைப் பகுதியின் நடுவில் கொண்டுவந்து, தலைப்பிலும் "பல வீட்டு வேலை செய்தவர்களுக்கு" என்று சேர்த்தேன்.

எழுதி முடித்தபின் ஒரு சின்னக் கணக்கு பார்த்தேன். மேலே தீம்கள், இடது பக்கம் 22 பேர், யாரை எங்கே மேற்கோள் காட்டியிருக்கிறேன் என்று புள்ளி வைத்தேன். அழகாகப் பேசுகிற ஒருவர் எல்லாத் தீமிலும் இருந்தார், ஏழு பேர் எங்குமே இல்லை. ஏழு பேரையும் வலிந்து உள்ளே இழுக்கவில்லை. ஆனால் அவர்கள் பேச்சைத் திரும்பப் படித்ததில், சரளமாக இல்லாவிட்டாலும் விஷயம் தெளிவாக இருந்த மூன்று மேற்கோள் கிடைத்தது. சரளமாகப் பேசியவரின் இடத்தில் அவற்றை வைத்தேன்.

"அக்கம்பக்கம்" என்ற தீம் மட்டும் கடைசிவரை வாக்கியமாக மாறவே இல்லை. அதில்தான் என் ஆய்விலேயே மிக உருக்கமான பேச்சுகள் இருந்தன. எத்தனை முறை எழுதினாலும் "பழைய அக்கம்பக்கத்தை நினைத்து வருந்துகிறார்கள்" என்பதைத் தாண்டவில்லை. அதை எடுத்துவிட்டேன். வீடு மாறிய நாளைப் பற்றிய இரண்டு மேற்கோளை மட்டும் பங்கேற்பாளர் அறிமுகத்தில் சேர்த்தேன், மற்றவை கோப்பிலேயே இருக்கின்றன.