துடிப்பு குறைகிறது, நேரம் கூடுகிறது

ஜூன் 3

இன்று ட்ராக்கில் 1000 மீட்டர் ஐந்து முறை. என்னிடம் பயிற்சி பெறும் 1500 மீட்டர் வீராங்கனை சென்ற மாதம் ஒவ்வொரு 1000 மீட்டரையும் 3:25-க்குள் முடித்தாள். இதயத் துடிப்பு கடைசியில் 186 வரை ஏறும். இன்று 3:36. துடிப்போ 173-ஐத் தாண்டவில்லை. "டைம் போனாலும் ஹார்ட் ரேட் குறைஞ்சிருக்கு சார், ஸ்டாமினா ஏறுதுபோல" என்று வாட்ச்சைக் காட்டினாள்.

அப்படி இல்லை. அதே வேகத்தை குறைந்த துடிப்பில் சுலபமாக ஓடினால்தான் அது முன்னேற்றம். முழு மூச்சாக ஓடியும் வேகமும் வரவில்லை, துடிப்பும் ஏறவில்லை என்றால் உடல் களைத்துப்போயிருக்கிறது. உடல் மீளமுடியாத அளவுக்குப் பயிற்சி கூடிப்போன மிகைப்பயிற்சியோ என்று சந்தேகம். பலர் காலையில் எழுந்ததும் பார்க்கும் துடிப்பை மட்டும் நம்புகிறார்கள். அது சிலருக்கு ஏறும், சிலருக்கு இறங்கும், சிலருக்கு மாறவே மாறாது.

ஜூன் 4

உட்கார வைத்துப் பேசினேன். உடல் அசந்திருந்தும் தூக்கம் பிடிப்பதில்லை, நடு இரவில் விழிப்பு வருகிறது. படி ஏறினாலே தொடை கனக்கிறது. வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுகிறாளாம். மாதவிடாய் இரண்டு மாதமாக வரவில்லை என்பதைத் தயங்கித்தான் சொன்னாள். எனக்கு இதுதான் அதிகக் கவலை: செய்யும் பயிற்சிக்குச் சாப்பாடு போதாதபோது இப்படி நிற்கும். ஓட்டத்தை இன்றோடு நிறுத்தினேன்.

ஜூன் 9

சாதாரணக் களைப்பு என்றால் சில நாள் ஓய்வில் கால் லேசாகியிருக்கும். ஆகவில்லை. மிகைப்பயிற்சியைக் காட்டித்தரும் தனி ரத்தப் பரிசோதனை கிடையாது. மற்ற காரணங்கள் இல்லை என்று ஒவ்வொன்றாக உறுதி செய்ய வேண்டும். டாக்டர் ஹீமோகுளோபின், இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு பார்த்தார். சமீபத்தில் காய்ச்சல் வந்ததா என்றும் கேட்டார். எல்லாம் சரி. உணவு ஆலோசகர் போட்ட கணக்கில், அவள் மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்திருந்தது தெரிந்தது. ஓய்வு நாளிலும் முழுச் சாப்பாடு என்று முடிவானது.

ஜூன் 24

தூக்கம் திரும்பிவிட்டது. இன்று 20 நிமிடம், பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில். மறுநாள் காலை கால் கனக்காமல், தூக்கமும் கெடாமல் இருந்தால்தான் அடுத்த ஓட்டத்தில் ஐந்து நிமிடம் கூடும். முதலில் நேரம், அப்புறம் வாரத்தில் எத்தனை நாள், கடைசியில்தான் வேகம். இந்த வரிசையை மாற்றினால் பழைய இடத்துக்கே போய்விடுவாள்.

ஜூலை 22

ஒரே ஒரு 1000 மீட்டர். 3:29, துடிப்பு 184. நேரத்தைவிட அந்த 184-தான் எனக்கு நிம்மதி. மாதவிடாய் இன்னும் வரவில்லை. அதற்குத் தனியாக மகளிர் மருத்துவரிடம் போகிறாள். அதுவரை வேகப் பயிற்சி வாரத்துக்கு ஒன்றுதான், ஞாயிறு முழு ஓய்வு. அடுத்த மாதப் போட்டிக்குப் பெயர் கொடுக்கவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். வாரங்களில் சரியாகிவிட்டால் நல்லது. முற்றிய மிகைப்பயிற்சி பல மாதங்களைத் தின்றுவிடும்.