சிக்னல் கெயினை வைத்து பேண்ட்விட்த் போடாதீர்கள்: கேட் அனலாக் எழுதுவோருக்கு

கேட் தேர்வுக்கான பாடத்திட்டம், புத்தகப் பட்டியல், எந்த மாதத்தில் எதை முடிப்பது என்பதையெல்லாம் ஏற்கெனவே பலர் எழுதிவிட்டார்கள். இது அனலாக் பகுதியில் ஒரே ஒரு விஷயத்தைப் பற்றியது. ஆப்-ஆம்ப் கணக்கில் "பேண்ட்விட்த் என்ன", "இந்தச் சுற்று நிலையாக இருக்குமா" என்று கேட்டால், அங்கே போட வேண்டியது சிக்னல் கெயின் அல்ல, நாய்ஸ் கெயின். இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் ஃபீட்பேக் கேள்விகளில் பாதி தானாக அவிழும் என்பது என் கட்சி. கொஞ்சம் மிகைதான், ஆனாலும் மாற்றிக்கொள்வதாக இல்லை.

முதலில் ஒரு சாதாரணக் கணக்கு. இன்வெர்டிங் ஆம்ப்ளிஃபயர், Rin = 1 கிலோஓம், Rf = 10 கிலோஓம், ஆப்-ஆம்பின் கெயின்-பேண்ட்விட்த் பெருக்கம் 1 மெகாஹெர்ட்ஸ். கெயின் −10, ஆகவே 100 கிலோஹெர்ட்ஸ் என்று கை ஓடும். சரியான விடை, 1 மெகாஹெர்ட்ஸை நாய்ஸ் கெயின் 11-ஆல் வகுத்தால் வரும் 90.9 கிலோஹெர்ட்ஸ். எண்ணை நாமே தட்டச்ச வேண்டிய கேள்வியில் 100 என்று போட்டால் அந்த மதிப்பெண் போச்சு, அவ்வளவுதான். நான்கு விடைகள் தரும் கேள்வியில் 100-ஐயும் ஒரு விடையாக வைத்திருப்பார்கள். இரண்டு மதிப்பெண் கேள்வி என்றால் கூடுதலாக 2/3 மதிப்பெண் கழியும்.

காரணம் இரண்டே வரிதான். இதை மனப்பாடம் செய்யாமல் ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். இன்வெர்டிங் முனையின் வோல்டேஜ் இரண்டு இடங்களிலிருந்து வருகிறது: Vin-இலிருந்து ஒரு பங்கு, Vout-இலிருந்து ஒரு பங்கு. Vout-இலிருந்து வரும் பங்குக்குப் பெயர் β. ஃபீட்பேக் இல்லாமல் ஆப்-ஆம்புக்கு இருக்கும் சொந்தக் கெயின் A.

```
β = Rin / (Rin + Rf)
Vout/Vin = −(1 − β) · A / (1 + A·β)
நாய்ஸ் கெயின் = 1/β = 1 + Rf/Rin
```

Vin எங்கே நுழைகிறது என்பது மேலே, தொகுதியில் மட்டும்தான் இருக்கிறது. சுற்று அலைபாயுமா அடங்குமா என்பதைத் தீர்மானிப்பது கீழே இருக்கும் 1 + Aβ. அதில் Vin-க்கு வேலையே இல்லை. சிக்னலைப் பிடுங்கிவிட்டு அந்த முனையைக் கிரவுண்டில் வைத்தாலும் லூப் அப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். அதனால்தான் −1 கெயின் இன்வெர்ட்டரும் +2 கெயின் நான்-இன்வெர்டிங் ஆம்ப்ளிஃபயரும் லூப்பைப் பொறுத்தவரை ஒரே சுற்று. இரண்டிலும் 1/β = 2, இரண்டின் பேண்ட்விட்த்தும் 500 கிலோஹெர்ட்ஸ்.

ஆப்-ஆம்பின் சொந்த நாய்ஸையும் ஆஃப்செட்டையும் + முனையோடு தொடராக நிற்கும் ஒரு சிறு வோல்டேஜாக வரைவோம் அல்லவா? அது வெளியே வரும்போது பெருக்கப்படுவதும் இதே 1/β-ஆல்தான். 2 மில்லிவோல்ட் ஆஃப்செட் உள்ள ஆப்-ஆம்பை −1 இன்வெர்ட்டரில் போட்டால் வெளியே 4 மில்லிவோல்ட் நிற்கும்.

இதிலிருந்தே நாய்ஸ் கெயினைக் கண்டுபிடிக்கும் வழியும் கிடைத்துவிடுகிறது. சூத்திரப் பட்டியல் பிடித்தவர்களுக்கு இது சலிப்பாக இருக்கலாம். படம் போட்டுப் பார்ப்பவர்களுக்குச் சரியாக வரும்.

- எல்லா வோல்டேஜ் மூலங்களையும் ஷார்ட் செய்யுங்கள், கரண்ட் மூலங்களைத் திறந்துவிடுங்கள். மூலத்தின் உள்ரெசிஸ்டன்ஸ் தந்திருந்தால் அது Rin-னோடு சேர்ந்து நிற்கும்.
- + முனையில் ஒரு கற்பனை மூலம் வையுங்கள்.
- அங்கிருந்து வெளியீடு வரை கெயின் என்ன? அதுதான் 1/β.
- ஃபீட்பேக் வெறும் ரெசிஸ்டர், கெபாசிட்டர்களால் ஆன சாதாரணச் சுற்றுகளில் விடை 1-க்குக் கீழே வந்தால் எங்கோ தப்பு.

கடைசி வரிக்கு ஒரு பொறி உண்டு. Rin = 100 கிலோஓம், Rf = 10 கிலோஓம் என்று தந்து பேண்ட்விட்த் கேட்பார்கள். கெயின் −0.1 என்பதால் 10 மெகாஹெர்ட்ஸ் என்று எழுதத் தோன்றும். நாய்ஸ் கெயின் 1.1, விடை 909 கிலோஹெர்ட்ஸ். சிக்னலைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கும் சுற்று ஆயிற்றே, நிலைத்தன்மையில் தொல்லை இருக்காது என்ற எண்ணமும் தலைகீழ். β ஏறத்தாழ 1. யூனிட்டி கெயின் பஃபருக்குச் சமமான கடினமான நிலை இது.

சம்மிங் ஆம்ப்ளிஃபயரிலும் இதே கதை. மூன்று உள்ளீடுகள், எல்லாம் 10 கிலோஓம், Rf-உம் 10 கிலோஓம். ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் கெயின் −1தான். ஆனால் மூன்று ரெசிஸ்டர்களும் இணையாகி 3.33 கிலோஓம் ஆகின்றன. நாய்ஸ் கெயின் 4, பேண்ட்விட்த் 250 கிலோஹெர்ட்ஸ். பயன்படாத மூன்றாவது உள்ளீட்டைக் கிரவுண்டில் கட்டாமல் அந்தரத்தில் விட்டால் நாய்ஸ் கெயின் 3-ஆக மாறிவிடும். "உள்ளீடு திறந்துள்ளது", "கிரவுண்டில் உள்ளது" என்ற சொற்களைக் கேள்வியில் அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

இதுவரை பேண்ட்விட்த். நிலைத்தன்மைக்கு வந்தால் விஷயம் சுவாரசியமாகிறது. OP27, OP37 என்ற ஆப்-ஆம்ப் ஜோடியை எடுத்துக்கொள்ளுங்கள். OP27 யூனிட்டி கெயினிலும் நிலையாக நிற்கும். கெயின்-பேண்ட்விட்த் 8 மெகாஹெர்ட்ஸ், ஸ்லூ ரேட் மைக்ரோசெகண்டுக்கு 2.8 வோல்ட். OP37 அதன் உடன்பிறப்பு. உள்ளே காம்பென்சேஷனைக் குறைத்திருக்கிறார்கள். அதனால் 63 மெகாஹெர்ட்ஸ், 17 வோல்ட். விலையாகக் கேட்பது ஒன்றுதான்: கெயின் 5 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும்.

எந்தக் கெயின்? நாய்ஸ் கெயின். ஆகவே −4 இன்வெர்ட்டர் தாராளமாக ஓடும், ஏனென்றால் 1/β = 5. −1 இன்வெர்ட்டர் ஓடாது. ஸ்கொயர் வேவ் கொடுத்தால் ஒவ்வொரு விளிம்பிலும் நீளமான ரிங்கிங் தெரியும், அல்லது உள்ளீடே இல்லாமல் தானாக அலையும்.

OP37-இன் வேகமும் வேண்டும், கெயினும் −1-ஆகவே இருக்க வேண்டும் என்றால்? இரண்டு உள்ளீட்டு முனைகளுக்கும் குறுக்கே ஒரு ரெசிஸ்டர் போடுங்கள். Rin = Rf = 1 கிலோஓம் என்றால் + முனை கிரவுண்டில் இருக்கும்போது இன்வெர்டிங் முனையிலிருந்து கிரவுண்டுக்கு 330 ஓம்.

```
1/β = 1 + 1000 / (1000 || 330) ≈ 5
```

சிக்னல் கெயின் −1-இலிருந்து அசையாது. இன்வெர்டிங் முனை ஏறத்தாழ பூஜ்ய வோல்டேஜில் இருப்பதால் அந்த 330 ஓமில் சிக்னல் கரண்ட் ஓட வழியில்லை. ஆனால் லூப் பார்ப்பது 5-ஐ. சிக்னல் கெயின் ஒன்று, நாய்ஸ் கெயின் இன்னொன்று என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சுற்று எனக்குத் தெரிந்து இல்லை. ஒரே ஒரு படம்தான் நினைவில் வைப்பேன் என்பவர்கள் இதை வையுங்கள்.

இலவசமாக எதுவும் வருவதில்லை. ஆஃப்செட்டும் நாய்ஸும் 2 மடங்குக்குப் பதில் 5 மடங்காகும். லூப் கெயின் குறைந்ததால் துல்லியமும் குறையும். 330 ஓமோடு தொடராக 470 பிக்கோஃபாரட் வைத்தால், சுமார் 1 மெகாஹெர்ட்ஸுக்கு மேலேதான் நாய்ஸ் கெயின் 5-ஆக இருக்கும், டிசியில் 2-ஆகத் திரும்பிவிடும். லூப் கெயின் ஒன்றாகும் இடம் 63-ஐ 5-ஆல் வகுத்தால் வரும் 12.6 மெகாஹெர்ட்ஸ் அருகே. எனவே ஒரு டெகேட் இடைவெளி இருக்கிறது, போதும். இதே விகிதத்தை 10 கிலோஓம், 3.3 கிலோஓம் என்று எடுத்தால் தாளில் விடை மாறாது, பலகையில் மாறும். மூன்றும் இணையாகி 2 கிலோஓம். உள்ளீட்டில் 5 பிக்கோஃபாரட் இருந்தாலே 16 மெகாஹெர்ட்ஸில் ஒரு போல் வந்து பேஸ் மார்ஜினைத் தின்றுவிடும்.

அந்த உள்ளீட்டுக் கெபாசிட்டன்ஸ்தான் ஃபோட்டோடயோட் சுற்றின் முழுத் தலைவலி. Rf = 1 மெகாஓம், டயோடும் ஆப்-ஆம்பும் சேர்ந்து 100 பிக்கோஃபாரட், கெயின்-பேண்ட்விட்த் 1 மெகாஹெர்ட்ஸ். இங்கே சிக்னல் கெயின் ஓமில் இருக்கிறது, ஆம்பியருக்கு இத்தனை வோல்ட் என்று. அதை A-யின் வரைகோட்டோடு ஒப்பிடவே முடியாது. 1/β-வைத்தான் வரைந்தாக வேண்டும்.

டிசியில் 1/β = 1. பிறகு 1/(2π·Rf·Cin), அதாவது 1.59 கிலோஹெர்ட்ஸிலிருந்து டெகேடுக்கு 20 டெசிபெல் ஏறுகிறது. A அதே வேகத்தில் இறங்குகிறது. இரண்டும் சந்திக்கும் இடம் 1.59 கிலோஹெர்ட்ஸ், 1 மெகாஹெர்ட்ஸ் இரண்டின் பெருக்கலின் வர்க்கமூலம்: 40 கிலோஹெர்ட்ஸ். சந்திக்கும் இடத்தில் சரிவு வித்தியாசம் 40 டெசிபெல். பேஸ் மார்ஜின் வெறும் 2 டிகிரி சொச்சம்; ஆப்-ஆம்பின் இரண்டாவது போல் அதையும் பறித்துவிடலாம். டயோடைக் கறுப்புத் துணியால் மூடிய பிறகும் ஸ்கோப்பில் 40 கிலோஹெர்ட்ஸ் சைன் அலை தெரிந்தால் ஒளியையோ டயோடையோ சந்தேகிக்க வேண்டாம், லூப்தான் காரணம்.

மருந்து, Rf-க்கு இணையாக ஒரு சிறு Cf. 1/β-வின் ஏற்றம் அந்தச் சந்திப்பிலேயே, அதாவது fi-இல், தட்டையாக வேண்டும்:

```
Cf = 1 / (2π · Rf · fi) = 1 / (2π · 1 MΩ · 40 kHz) ≈ 4 pF
```

அதற்கு மேல் 1/β = 1 + Cin/Cf = 26. தேர்வில் எதிர்பார்ப்பது கோட்டுப்படத்தின் 45 டிகிரி. முழுமையாகக் கணக்கிட்டால் சந்திப்பு 49 கிலோஹெர்ட்ஸுக்குத் தள்ளிப்போய் மார்ஜின் 53 டிகிரி வரும். அந்த நேரத்தைத் தேர்வறையில் செலவழிக்காதீர்கள்.

ஆய்வகத்தில் என்றால் 4.7 பிக்கோஃபாரட் போடலாம். "எதற்கும் இருக்கட்டும்" என்று 10 பிக்கோஃபாரட் போட்டால் ரிங்கிங் கண்டிப்பாக அடங்கும், கூடவே சிக்னல் பேண்ட்விட்த்தும் 16 கிலோஹெர்ட்ஸ் அருகே வந்துவிடும்.

இதெல்லாம் வோல்டேஜ் ஃபீட்பேக் ஆப்-ஆம்புக்கு. கரண்ட் ஃபீட்பேக் வகையில் லூப்பைப் பிரதானமாகத் தீர்மானிப்பது Rf-இன் மதிப்பு, 1/β அல்ல. அங்கே இந்தக் கணக்கைக் கொண்டுபோகாதீர்கள்.