சிறுநீரகக் கல்லுக்கு எடுத்த பழைய ஸ்கேன் நுரையீரல் முடிச்சுக்கு உதவியது எப்படி

மூன்று மாதமாக விடாத இருமலுக்காக எனக்கு நெஞ்சுப் பகுதியில் சிடி ஸ்கேன் எடுத்தார்கள். வலது நுரையீரலின் கீழ் மடலில், உதரவிதானத்துக்குச் சற்று மேலே, 7 மில்லிமீட்டர் அளவில் திடமான சிறு முடிச்சு ஒன்று தெரிந்தது. அறிக்கையைக் கையெழுத்திட்டுக் கொடுப்பதற்கு முன்பே ஸ்கேன் மையத்து ரேடியாலஜிஸ்ட் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "இதற்கு முன்பு நெஞ்சிலோ வயிற்றிலோ எப்போதாவது சிடி எடுத்திருக்கிறீர்களா சார்?" என்று கேட்டார். நெஞ்சுக்கு எடுத்ததில்லை, சிறுநீரகக் கல்லுக்காக இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறொரு மையத்தில் வயிற்றுப் பகுதிக்கு எடுத்திருந்தேன். கல்லுக்கும் நுரையீரலுக்கும் என்ன தொடர்பு என்று எனக்குப் புரியவில்லை. சிறுநீரகத்தை முழுவதுமாகப் பிடிப்பதற்காக ஸ்கேனைச் சற்று மேலிருந்தே தொடங்குவார்கள் என்றும், அதனால் நுரையீரலின் அடிப்பகுதி பெரும்பாலும் அந்தப் படங்களில் தானாகவே வந்துவிடும் என்றும், முடிச்சு அப்போதே இருந்ததா, வளர்ந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றும் அவர் விளக்கினார். என் முடிச்சு அடிப்பகுதியில் இருந்தது நல்லதாகப் போயிற்று. மேல் மடலில் இருந்திருந்தால் அந்த ஸ்கேனால் ஒரு பயனும் இருந்திருக்காது.

வீட்டில் தேடியபோது பழைய அறிக்கையும் பெரிய ஃபிலிம் தாள்களும் கிடைத்தன. அறிக்கையில் சிறுநீரகம், கல், கல்லீரல் எல்லாம் இருந்தன. நுரையீரலைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஃபிலிமைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பினால் போதுமா என்று கேட்டதற்கு, போதாது என்று மருத்துவர் உறுதியாகச் சொன்னார். ஃபிலிமில் அச்சாகியிருப்பவை 5 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட வெட்டுப் படங்கள். 7 மில்லிமீட்டர் முடிச்சு அவற்றில் இரண்டிலோ மூன்றிலோ மட்டும், அதுவும் விளிம்பு மங்கித்தான் விழும். மேலும் அவை வயிற்று உறுப்புகளுக்கு ஏற்ற ஒளி அமைப்பில் அச்சிடப்பட்டவை என்பதால் நுரையீரல் வெறும் கறுப்பாகவே தெரியும். குறுந்தகட்டில் பதிந்த மூலப் படங்கள் இருந்தால்தான் அதே தரவை நுரையீரலுக்குரிய அமைப்புக்கு மாற்றி, மெல்லிய வெட்டுகளில் பார்க்க முடியும்.

அந்தக் குறுந்தகடு என்னிடம் இல்லை. பழைய மையத்துக்குப் போனபோது, முன்மேசையில் இருந்தவர் அறிக்கையின் நகலை அச்சிட்டுக் கொடுத்து அனுப்பிவிடப் பார்த்தார். அறிக்கை வேண்டாம், படங்களே வேண்டும் என்று சொல்லி, பழைய ரசீதில் இருந்த நோயாளி எண்ணையும் ஸ்கேன் எடுத்த தேதியையும் காட்டிய பிறகு, படங்கள் சேமிக்கப்பட்டிருக்கும் கணினியில் தேடி ஒரு தகட்டில் எழுதிக் கொடுத்தார்கள். கொடுத்ததை அங்கேயே திறந்து பார்ப்பது நல்லது. DICOMDIR என்ற கோப்பும், படத் தொடர்கள் அடங்கிய கோப்புறைகளும் அதில் இருக்க வேண்டும்; அறிக்கையின் பிடிஎஃப் மட்டும் இருந்தால் மீண்டும் கேட்க வேண்டியதுதான். எனக்குக் கிடைத்த தகட்டில் 5 மில்லிமீட்டர் தொடரோடு, ஃபிலிமில் வராத 1.25 மில்லிமீட்டர் தொடரும் இருந்தது. மையங்கள் படங்களை என்றென்றைக்கும் வைத்திருப்பதில்லை என்பதால், இன்னும் சில ஆண்டுகள் கழித்துப் போயிருந்தால் இது கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே.

ரேடியாலஜிஸ்ட் இரண்டு ஸ்கேன்களையும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கமாக வைத்து, அருகில் ஓடிய ஓர் இரத்தக் குழாய்க் கிளையை அடையாளமாகக் கொண்டு அதே இடத்துக்கு வந்தார். முடிச்சு பழைய படத்திலும் இருந்தது. பழையதில் எழுதப்படாத அளவை இப்போது அவரே அளந்தார்; புதியதையும் அதே முறையில் மறுபடி அளந்தார். பழையது 6.8, புதியது 7.1. அந்த 0.3 எனக்கு உறுத்தியது. அளக்கும்போது கை சற்று நகர்ந்தாலும், மூச்சை இழுத்துப் பிடித்த அளவு மாறினாலும் இவ்வளவு வேறுபாடு வரும் என்றும், இந்த அளவுள்ள முடிச்சுகளில் 2 மில்லிமீட்டருக்குக் குறைவான மாற்றத்தை வளர்ச்சி என்று எடுத்துக்கொள்வதில்லை என்றும் அவர் சொன்னார்.

இரண்டு ஆண்டு இடைவெளி ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை அதன் பிறகு அவர் போட்டுக் காட்டிய கணக்கில்தான் புரிந்துகொண்டேன். திடமான புற்றுநோய் முடிச்சுகள் பெரும்பாலும் 400 நாட்களுக்குள் கனஅளவில் இருமடங்காகின்றன. ஆனால் ஓர் உருண்டையின் கனஅளவு இருமடங்காகும்போது அதன் விட்டம் ஏறத்தாழ 26 விழுக்காடுதான் கூடும். 7 மில்லிமீட்டர் 8.8 ஆகும், அவ்வளவே. அதாவது உண்மையிலேயே வளரும் முடிச்சுகூட ஆறு மாதத்திலோ ஓர் ஆண்டிலோ அளவிடும் பிழைக்குள் ஒளிந்துகொள்ள முடியும். அதே வேகத்தில் இரண்டு ஆண்டுகள் போனால் கனஅளவு மூன்றரை மடங்காகி, விட்டம் பத்தரை மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். அதை யாரும் தவறவிட மாட்டார்கள். இதனால்தான், பல ஸ்கேன்கள் இருந்தாலும் கடைசியாக எடுத்ததோடு மட்டும் ஒப்பிடாமல், கிடைப்பவற்றில் மிகப் பழையதையும் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அரை மில்லிமீட்டர் கூடினால் அடுத்தடுத்த அறிக்கைகள் எல்லாம் மாற்றமில்லை என்றே சொல்லும். முதலாவதை எடுத்து வைத்தால்தான் உண்மை வெளிப்படும்.

பழைய படம் இல்லாதிருந்தால் என் நிலை என்னவாகியிருக்கும்? நெஞ்சுப் பகுதி ஸ்கேன்களில் தேர்ந்த மருத்துவர்களின் பன்னாட்டு அமைப்பான ஃப்ளைஷ்னர் சங்கத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, 6 முதல் 8 மில்லிமீட்டர் வரையுள்ள ஒற்றைத் திட முடிச்சுக்கு 6 முதல் 12 மாதத்தில் ஒரு சிடி, தேவைப்பட்டால் 18 முதல் 24 மாதத்தில் இன்னொன்று என்று காத்திருக்க வேண்டும். நான் காத்திருக்க வேண்டிய அந்தக் காலம் எனக்குத் தெரியாமலேயே கடந்துபோயிருந்தது. பழைய ஸ்கேன் எதிர்மாறான செய்தியையும் தந்திருக்கலாம் என்பதை மறுப்பதற்கில்லை. அந்த இடம் அதில் சுத்தமாக இருந்திருந்தால், முடிச்சு புதியது என்றாகி, விரைவாக மறு ஸ்கேனுக்குப் போயிருப்போம்.

இந்த ஆறுதல் எல்லா முடிச்சுக்கும் பொருந்தாது என்பதையும் மருத்துவர் தெளிவாகச் சொன்னார். தேய்த்த கண்ணாடி வழியே பார்ப்பதுபோல் மங்கலாகத் தெரியும் முடிச்சுகள் புற்றாகவே இருந்தாலும் மிக மெதுவாக வளரும். அவற்றுக்கு இரண்டு ஆண்டு போதாது, ஐந்து ஆண்டு வரை பார்க்கிறார்கள். ஏற்கெனவே புற்றுநோய் உள்ளவர்களுக்கும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கும் இந்த வழிகாட்டுதலே பொருந்தாது. நான் ஐம்பதைக் கடந்தவன், புகைபிடித்ததில்லை, முடிச்சு திடமானது, விளிம்பும் வழுவழுப்பாக இருந்தது. நம் நாட்டில் பலருக்கு எப்போதோ வந்து ஆறிய காசநோயின் தழும்பு இப்படி நின்றுவிடுவதுண்டு என்றார். என்னுடையதும் அதுதான் என்று அவர் எழுதவில்லை; அளவை மட்டும் வைத்து அப்படி எழுத முடியாது என்பது எனக்கும் நியாயமாகவே பட்டது.

இறுதி அறிக்கையில், ஒப்பிடப்பட்ட பழைய ஸ்கேனின் தேதி, இரண்டு அளவுகள், இரண்டு ஆண்டுகளாக மாற்றமில்லை என்ற வரி ஆகிய மூன்றும் இருந்தன. தேதி இல்லாமல் மாற்றமில்லை என்று மட்டும் எழுதியிருந்தால், எதோடு ஒப்பிட்டார்கள் என்று கேட்டுக்கொள்வது அவசியம். நுரையீரல் மருத்துவர் அந்த வரியைப் படித்துவிட்டு முடிச்சுக்காக இனி சிடி தேவையில்லை என்றார். இருமலுக்கு நெஞ்செரிச்சல்தான் காரணமாக இருக்கலாம் என்று வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.