ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு கமா

மறுநாள் காலை கையெழுத்து. கடைசியாக ஒருமுறை ஒப்பந்தத்தைச் சத்தமாகப் படித்தேன். கால அளவுப் பிரிவில் நாக்கு தடுக்கியது.

நாங்கள் பேசி முடித்தது இது: முதல் 3 ஆண்டுகள் யாரும் விலக முடியாது. அப்புறம் மூன்று மூன்று ஆண்டாகப் புதுப்பிப்பு, அப்போது மட்டும் ஓராண்டு நோட்டீஸ் கொடுத்து விலகலாம்.

ஆனால் ஆங்கில வாசகத்தில் ‘அன்லெஸ்’ என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு கமா. புதுப்பிப்பு பற்றிய வரிக்கு முன்னாலும் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் இருப்பதை அடைப்புக்குறிக்குள் இருப்பதாக நினைத்து எடுத்துவிட்டுப் படியுங்கள்: “3 ஆண்டுகள் நீடிக்கும், நோட்டீஸ் கொடுத்தால் தவிர.” அதாவது முதல் மாதமே நோட்டீஸ் கொடுக்கலாம்!

கனடாவில் இதே மாதிரி ஒரு கமாவை வைத்து 2006இல் ஒரு தீர்ப்பே வந்தது. மறு வருடம் பிரெஞ்சுப் பிரதியைப் பார்த்து அதை மாற்றினார்கள். எங்களிடம் இன்னொரு மொழிப் பிரதி ஏது?

கமாவை மட்டும் எடுக்க மனம் வரவில்லை. அந்த வாக்கியத்தை இரண்டாக உடைத்து, மாற்றத்தைச் சிவப்பில் காட்டி, எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அனுப்பினேன். பன்னிரண்டரைக்குப் பதில் வந்தது: “சரி சார். இது பழைய டிராஃப்டிலிருந்து வந்தது.”

அந்தப் பழைய டிராஃப்ட் நான் எழுதியது.