எட்டடி ஜன்னலும் ஆறு இஞ்ச் லிண்டலும்

அந்த உரையாடலை நான் பல முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். வரைபடத்தில் எட்டடி ஜன்னலுக்கு மேல், சுவரைத் தாங்கும் கான்கிரீட் உத்தரமான லிண்டலை 12 இஞ்ச் ஆழத்தில் குறித்திருந்தேன். பலகையடிக்கும் முன் மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு, அதை ஆறாக்கிக்கொள்ளலாமா என்று கேட்டார். "இத்தினி வருசமா நான் ஆறு இஞ்சுதான் சார் போட்டிருக்கேன், ஒண்ணுகூட உக்காரல. வேணுமின்னா ரெண்டு கம்பி சேத்துப் போட்டுடலாம்" என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. அவர் கட்டியவை எல்லாம் மூன்றடி, மூன்றரையடி ஜன்னல்கள். அவற்றுக்கு ஆறு இஞ்ச் தாராளம்.

தன் வேலையில் ஒரு குறையும் வராத மனிதரிடம், அதே பழக்கம் இங்கே செல்லாது என்று சொல்ல வேண்டியிருந்தது. நான் முதலில் செய்தது, எல்லா இன்ஜினியர்களும் செய்வதுதான். அங்கே கிடந்த செண்ட்ரிங் பலகை ஒன்றை இரண்டு செங்கல் அடுக்குகளின் மேல் படுக்கப் போட்டு நடுவில் மிதித்துக் காட்டினேன். அது நன்றாகத் தொய்ந்தது. அதையே நிமிர்த்தி வைத்து மிதித்தேன், அசையவில்லை. சுற்றி நின்ற ஆட்கள் தலையாட்டினார்கள். மேஸ்திரி ஆட்டவில்லை. "பலகைக்குச் சரி சார், அதுல கம்பி கிடையாதே" என்றார்.

அந்தக் கேள்விதான் என்னை உறுத்துகிறது, ஏனென்றால் அது சரியான கேள்வி. தொய்வு ஏன் ஆழத்தைப் பொறுத்தது என்பதைப் பலகை காட்டும். கம்பியைக் கூட்டினால் ஆழத்துக்கு ஈடாகாதா என்பதற்குப் பதில் அதில் இல்லை. லிண்டல் வளையும்போது அடிப்பக்கம் இழுபடுகிறது, மேல்பக்கம் நசுங்குகிறது. இழுவையைக் கம்பி வாங்கிக்கொள்ளும். நசுங்கலைக் கான்கிரீட்தான் தாங்க வேண்டும். ஆறு இஞ்ச் லிண்டலில் கம்பியை மூடும் கான்கிரீட்டான கவருக்கு ஒரு இஞ்ச், கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குக்கும் கம்பியின் பாதித் தடிமனுக்கும் அரை இஞ்சுக்கு மேல் என்று கழித்தால், மேல்விளிம்பிலிருந்து கம்பி மையம் வரை கிடைப்பது ஏறக்குறைய நாலரை இஞ்ச்தான். அவ்வளவு குறுகிய இடத்தில் கம்பியை எத்தனை சேர்த்தாலும், கம்பி இழுபட்டு எச்சரிக்கை காட்டுவதற்கு முன்பே மேலே கான்கிரீட் நொறுங்கிவிடும். எம் 20 தரக் கான்கிரீட்டில், ஒன்பது இஞ்ச் அகலத்தில், எட்டடிக்கு ஆறு இஞ்ச் லிண்டல் பாதுகாப்பாகத் தாங்கக்கூடியது அடிக்குச் சுமார் 180 கிலோ. அதையே 12 இஞ்ச் ஆக்கினால், 12 எம்எம் கம்பி இரண்டு மட்டும் போட்டாலும் அடிக்கு அரை டன்னைத் தொடும். கணக்குக்கு இரண்டே போதும்; நான் மூன்று கேட்டிருந்தேன். ஆழத்தைக் கொடுத்தால் கம்பி குறைகிறது என்பதை அவரிடம் நான் நேராகச் சொல்லியிருந்தால் ஒருவேளை அங்கேயே பேச்சு முடிந்திருக்கும். ஆனால் கம்பியைக் குறைக்கலாம் என்ற பேச்சை ஒரு மேஸ்திரியின் காதில் போட நான் தயங்கினேன். அந்தத் தயக்கம் தவறு என்று இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை.

பிறகு வேறு வழியாக வந்தேன். பழைய சுவரில் புதிதாகக் கதவுக்கு உடைக்கும்போது மேலே கல் எப்படி விழும் என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. கையாலேயே காற்றில் வரைந்து காட்டினார். இரண்டு பக்கமும் படிப்படியாக ஏறி நடுவில் கூம்பும் முக்கோணம். "அந்த அளவுக்குத்தான் சார் உழும், மேல இருக்கிறது நின்னுக்கும்" என்றார். அவருடைய சிறிய ஜன்னல்களைக் காப்பாற்றியது இதுதான். மூன்றடித் திறப்புக்கு அந்த முக்கோணம் ஒன்றரை அடி உயரத்தில், இன்னும் கூர்மையாக எடுத்தாலும் இரண்டரை அடிக்குச் சற்று மேலே, முடிந்துவிடும். லிண்டலுக்கு மேல் ரூஃப் வரை உள்ள சுவர் கிட்டத்தட்ட அந்த உயரம் இருப்பதால், ரூஃபின் பாரத்தில் பெரும்பகுதி இருபக்கச் சுவருக்குப் போய்விடும். லிண்டல் சுமப்பது சில கற்களைத்தான். எட்டடிக்கு அந்த முக்கோணம் குறைந்தபட்சம் நாலடி உயர வேண்டும். எங்களிடம் லிண்டலுக்கு மேல் இரண்டரை அடிதான் இருந்தது. அதாவது முக்கோணம் முடிவதற்குள் ரூஃப் வந்துவிடுகிறது. பன்னிரண்டடி அறையின் ரூஃபில் பாதி நேராக லிண்டலின் தலையில் உட்காருகிறது. சுவர், ரூஃப், லிண்டலின் சொந்த எடை எல்லாம் சேர்ந்து அடிக்கு ஏறக்குறைய அரை டன். இது போதாதென்று, அடிக்கு அதே பாரம் என்றாலும் மூன்றடியிலிருந்து எட்டடிக்குப் போனால் வளைக்கும் விசை ஏழு மடங்காகும்.

இதைக் கேட்டு அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "நடுவுல ஒரு தூண் எழுப்பிட்டா நாலு நாலு அடியாயிடுமே சார்" என்றார். நான் வீட்டுக்காரர் ஒரே ஜன்னலாகக் கேட்கிறார் என்று சொல்லி அதை மூடிவிட்டேன். உண்மையில் நடுத்தூண் வைத்தால் வளைக்கும் விசை நாலில் ஒன்றாகக் குறையும், ஆறு இஞ்சே நிற்கும். பாரம் எங்கே போகிறது என்று புரிந்துகொண்டவர்தான் இப்படிக் கேட்பார். வீட்டுக்காரரின் விருப்பத்தைக் காட்டி நான் பேச்சை முடித்தது நியாயமானதுதான்; ஆனால் அந்த யோசனை நல்ல யோசனை என்று அவரிடம் சொல்வதில் எனக்கு என்ன செலவு என்று தெரியவில்லை.

லிண்டல் 12 இஞ்சில்தான் போடப்பட்டது. கான்கிரீட் கொட்டும் நாளில் நான் பார்த்தது, கம்பிக்கூட்டுக்கு அடியில் கவருக்காக வைக்கும் கவர் பிளாக்கை. கம்பிக்கூடு பலகையில் படக்கூடாது என்று ஆட்கள் அதற்குப் பதில் ஜல்லியைத் திணித்து இரண்டு இஞ்சுக்கு மேல் தூக்கிவிடுவது வழக்கம். அப்படித் தூக்கினால் கேட்டு வாங்கிய ஆழத்தில் ஒரு இஞ்ச் சும்மா போய்விடும். மேஸ்திரி எனக்கு முன்பே ஒன்றரைக்கு மேலிருந்த ஜல்லிகளைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். ஜன்னல் சறுக்குக் கதவுகள் இன்றும் இலகுவாக ஓடுகின்றன. லிண்டலின் அடியில் நடுப்பகுதியில் மயிரிழை விரிசல் இல்லை. ஆகவே நான் சொன்னது பலித்தது என்று எடுத்துக்கொள்ளலாம். அவருக்கு விளங்கியதா என்பது வேறு.

சில மாதங்கள் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. பத்தடிக் கடை ஷட்டர் திறப்பு, லிண்டல் எத்தனை இஞ்ச் போடலாம் என்று கேட்டார். ரூஃபின் மெயின் கம்பி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்டேன். இரண்டு பக்கச் சுவருக்கும் குறுக்கே போகிறது, ஷட்டர் சுவரில் உட்காரவில்லை என்று உடனே சொன்னார். அப்படியானால் அந்த லிண்டல் சுமப்பது பெரும்பாலும் மேலே உள்ள சுவரையும் தன் எடையையும்தான். ஒன்பது இஞ்சே போதும். அதைச் சொன்னதும், "எட்டடிக்கே பன்னெண்டு சொன்னீங்களே சார், நான் பதினஞ்சுக்குப் பலகை அறுத்துட்டேனே" என்றார். எதனால் குறைகிறது என்று விளக்க ஆரம்பித்தேன். பின்னணியில் மிக்ஸர் ஓடத் தொடங்கிவிட்டது. பதினைந்தே போடுங்கள், கூட இருந்தால் கெடுதல் இல்லை என்று சொல்லிவிட்டு வைத்தேன்.