வரவேற்புத் திரைப் படங்கள்: ஆகஸ்ட் நாட்குறிப்பு

3 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

திருமண வரவேற்பு 30ஆம் தேதி சனிக்கிழமை மாலை. மாப்பிள்ளை வீடு சிங்கப்பூரில் ஈசூன், பெண் வீடு மலேசியாவில் ஜொகூர் பாரு. ஆறரைக்கு ஆட்கள் வரத் தொடங்குவார்கள், ஏழரை வாக்கில் மணமக்கள் உள்ளே வருவார்கள். மேடையின் இருபக்கத் திரைகளிலும் படங்கள் ஓடப்போவது இடையில் உள்ள அந்த ஒரு மணி நேரம் மட்டும். வாசலில் நாதஸ்வரம் இருப்பதால் படத்துக்குப் பாட்டு தேவையில்லை.

இது திரும்பத் திரும்பச் சுற்றும் தொகுப்பு. யார் எந்தப் படம் ஓடும்போது உள்ளே நுழைவார் என்று சொல்ல முடியாது. தொட்டிலில் தொடங்கி நிச்சயதார்த்தத்தில் முடிகிற கதையாகக் கட்டினால், நடுவில் வந்து உட்காருபவருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. அதனால் ஒவ்வொரு ஸ்லைடும் தனியாகவே நிற்க வேண்டும்: யார், எந்த ஆண்டு, எங்கே. ஆண்டு எல்லா ஸ்லைடிலும் ஒரே மூலையில் இருக்க வேண்டும்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

இரு வீட்டாரும் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், எடுத்த தேதியும் அழிந்துவிடும். அதே படங்களை ‘டாக்குமெண்ட்’ ஆக மறுபடி அனுப்பச் சொல்லியாயிற்று. கோப்பின் பெயரில் ஆண்டை முதலில் வைத்தால் வரிசை தானாக அமைந்துவிடும்: 2001-01_mappillai_palli.jpg.

ஆல்பத்தில் இருக்கும் அச்சுப் படங்களை ஸ்கேன் செய்ய வேண்டும். நான்குக்கு ஆறு அங்குலப் படத்தை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 1200க்கு 1800 புள்ளிகள் கிடைக்கும். முழுத் திரைக்கே 1920க்கு 1080தான் வேண்டும் என்பதால் அது ஏறக்குறையப் போதும். ஆனால் இருபது பேர் நிற்கும் படத்திலிருந்து ஒரு முகத்தை மட்டும் வெட்டி எடுப்பதானால் 600 வைக்க வேண்டும். பசைப் பக்கத்தோடு ஒட்டிப்போன பழைய படத்தைப் பிய்க்கக் கூடாது. மேலே இருக்கும் பிளாஸ்டிக்கோடு பக்கத்தை அப்படியே ஸ்கேனரில் கவிழ்த்தால் போதும்.

படத்தின் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் அச்சான தேதியை அப்படியே நம்பிவிடக் கூடாது. பெண்ணின் பள்ளி முதல் நாள் படத்தில் ’98 என்று இருக்கிறது. அவர் பிறந்தது 1996. இரண்டு வயதில் யார் பள்ளிச் சீருடை போட்டுவிடப் போகிறார்கள்? கேமராவில் பேட்டரி மாற்றியவர் தேதியைத் திருத்தாமல் விட்டிருக்க வேண்டும். சரியான ஆண்டு 2003. மூலையை வெட்டிவிடலாம்.

16 ஆகஸ்ட், சனி

எதை எதனோடு ஜோடி சேர்ப்பது என்பதில்தான் அதிக நேரம் போயிற்று. ஆண்டுப்படி சேர்த்தால் மாப்பிள்ளைக்கு (1994) பள்ளிச் சீருடை, பெண்ணுக்கு மழலைப் பள்ளி என்று கடைசிவரை ஒட்டாமல் போகும். வயதுப்படி சேர்த்தால் பொருந்துகிறது: முதல் பிறந்தநாள், காதுகுத்து, ஏழு வயதில் பள்ளி. ஒரே ஸ்லைடில் இடப்பக்கம் 2001, வலப்பக்கம் 2003 என்று இருக்கும். அது தவறில்லை.

செங்குத்தான இரண்டு படங்கள் அகலத் திரையில் பக்கத்தில் பக்கத்தில் அழகாக உட்காரும். படங்களை ஒரே அளவில்தான் வைத்திருந்தோம். அப்படியும் பெண்ணின் அம்மா பார்த்த உடனே, “சம்பந்தி வீட்டுப் படம் மட்டும் பெருசா இருக்கே?” என்றார். அவர் சொன்னது சரி. மாப்பிள்ளையின் படம் நெருக்கத்தில் எடுத்தது, பெண்ணின் படம் வீட்டு வாசலில் தூரத்திலிருந்து எடுத்தது. சமமாக வேண்டியது படச்சட்டம் இல்லை, முகம். நெற்றி முதல் தாடை வரை இரண்டும் ஒரே உயரத்துக்கு வரும்படி வெட்டியதும் குறை தீர்ந்தது.

அடுத்து, யார் விட்டுப்போனார்கள் என்று ஒரு பட்டியல். மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒரு படத்திலும் இல்லை! காதுகுத்துப் படத்தில் பிள்ளையின் முகத்தை மட்டும் வெட்டியதில், மடியில் வைத்திருந்தவர் காணாமல் போயிருக்கிறார். அந்த ஒரு படத்தை வெட்டாமலே போடுகிறோம். முகம் சிறியதாகத் தெரிந்தாலும் பரவாயில்லை.

21 ஆகஸ்ட், வியாழன்

இன்று படக்குறிப்புகள். “தாத்தா வீட்டில்” என்று எழுதினால் யாருடைய தாத்தா? மண்டபத்தில் இரண்டு குடும்பமும் இருக்கும். மாப்பிள்ளை பக்கத்துக் குறிப்புக்கு மஞ்சள் பட்டை, பெண் பக்கத்துக்குப் பச்சைப் பட்டை என்று வைத்ததால் “அப்பாவின் அப்பாவோடு” என்பதே போதுமானதாகிவிட்டது. தமிழில் ஆறேழு சொல், அதன் கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி ஆங்கிலம். அலுவலக நண்பர்கள் பலருக்குத் தமிழ் தெரியாது.

சொற்களும் அந்தந்த வீட்டுச் சொற்களாக இருக்க வேண்டும். இங்கே ‘தொடக்கநிலை ஒன்று’, அங்கே ‘முதலாம் ஆண்டு’. பள்ளி ஜோடி இப்படி முடிந்தது:

2001, ஈசூன். தொடக்கநிலை ஒன்று. அழுதது அம்மாதான்.
2003, ஜொகூர் பாரு. முதலாம் ஆண்டு. ரிப்பன் அப்பத்தா கட்டியது.

அந்த அப்பத்தா இப்போது இல்லை. ‘அமரர்’ என்று போடலாமா என்று பெண் வீட்டில் கேட்டதற்கு, வேண்டாம், படத்தில் சிரித்துக்கொண்டுதானே இருக்கிறார் என்றார்கள். நாமாக முடிவு செய்திருக்கக் கூடாத விஷயம் இது.

புகைப்படக்காரர் ஃபோட்டோஷாப்பில் செய்து தந்த முகப்பு ஸ்லைடில் “வணக்கம்” நன்றாக இருக்கிறது, “கொண்டாட்டம்” உடைந்திருக்கிறது: கொம்பு, க, கால் மூன்றும் தனித்தனியே சிதறி நிற்கின்றன. எழுத்துரு மேல் குற்றமில்லை. எழுத்துகளைச் சேர்க்கும் அமைப்பு மாற்றப்படவில்லை. Preferences > Type பகுதியில் World-Ready Layout தேர்ந்தெடுக்க வேண்டும். சரிபார்க்க ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரம் வரும் சொற்களைப் பார்த்தால் போதும். “வணக்கம்” மாதிரிச் சொற்கள் இந்தக் குறையைக் காட்டிக்கொடுக்காது.

27 ஆகஸ்ட், புதன்

ஜோடி ஸ்லைடு 12, இருவரும் சேர்ந்திருப்பவை 10, மணமக்கள் பெயரோடு வரவேற்பு ஸ்லைடு 3 (இடையிடையே). ஜோடிகளில் இரண்டு குறிப்புகளைப் படிக்க வேண்டும் என்பதால் 10 விநாடி, மற்றவை 7, வரவேற்பு 6. மொத்தம் சுமார் மூன்றரை நிமிடம். சீக்கிரம் வந்து உட்காருபவர் இதைப் பதினேழு தடவை பார்ப்பார். அதனால் சுழல்வது, பறப்பது எதுவும் வேண்டாம். மெல்ல மங்கி மாறினால் போதும்.

எழுத்தின் அளவைச் சோதிக்க மண்டபத்துக்கே போக வேண்டியதில்லை. மூன்று மீட்டர் அகலத் திரையை இருபது மீட்டர் தள்ளி உட்கார்ந்து பார்ப்பதும், முப்பது சென்டிமீட்டர் அகல மடிக்கணினித் திரையை இரண்டு மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதும் கண்ணுக்கு ஒன்றுதான். நின்று பார்த்தோம். 28 புள்ளியில் ‘ண’வும் ‘ன’வும் குழம்பின. 40க்கு ஏற்றியதும் தெளிந்தன.

பவர்பாயிண்ட் கோப்பாகக் கொடுத்தால் மண்டபத்துக் கணினியில் நம் எழுத்துரு இல்லாமல் போகலாம். File > Export > Create a Video வழியாக 1080p எம்பி4 ஆக மாற்றியாயிற்று.

29 ஆகஸ்ட், வெள்ளி

மண்டபத்தில் ஒத்திகை. இரண்டு விஷயம் தெரிந்தது. ஆட்கள் நுழையும்போது விளக்குகள் முழுதாக எரியும், அதில் பழைய படங்களின் இருண்ட பகுதிகள் வெளிறிப் போகின்றன. ஏழு படங்களின் நடுத்தர நிறங்களை வெளிச்சமாக்க வேண்டும். திரையின் அடிப்பகுதியோ முன்வரிசையில் நிற்பவர்களின் தலைக்குப் பின்னால் மறைகிறது. குறிப்புகள் எல்லாம் கீழேதான் இருந்தன. 22 ஸ்லைடிலும் பட்டையைத் தூக்கி மேலே வைத்து, மறுபடி வீடியோவாக மாற்றியபோது மணி பன்னிரண்டு.

30 ஆகஸ்ட், சனி

பென் டிரைவ் இரண்டு. இரண்டிலும் வீடியோவோடு வரவேற்பு ஸ்லைடு மட்டும் தனிப் படமாக இருக்கிறது. மணமக்கள் வாசலுக்கு வந்ததும் ஓட்டத்தை நிறுத்தி அந்தப் படத்தை நிறுத்திவைக்கும்படி ஒளி-ஒலி பார்ப்பவரிடம் எழுதிக் கொடுத்தாயிற்று. இல்லாவிட்டால் மாலையோடு நடந்துவரும் மாப்பிள்ளைக்குப் பின்னால் தொட்டில் படம் ஓடும், மண்டபமே திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும்.